குரலின் பங்கும் சந்தையின் பங்கும்: ஒரு நல்லெண்ணெய்க் கணக்கு

மீடியா பிளானிங் தொழிலில் இருப்பவர்களிடம் ஆண்டுத் திட்டம் இரண்டு தாள்களாக வரும். ஒரு தாளில் விற்பனை இலக்கு இருக்கும், மற்றொன்றில் விளம்பரச் செலவு இருக்கும். இரண்டையும் எழுதியவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். எழுதிய நாள்களும் வெவ்வேறு. முதல் தாளில் உள்ள ஆசைக்கு இரண்டாம் தாளில் உள்ள பணம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கடமை யாருக்கும் தனியாக ஒதுக்கப்படுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்டத்துக்காரரான ஓர் எண்ணெய் வியாபாரியின் திட்டத்தை நான் கையாண்டபோது இந்தப் பொருத்தத்தைத் தாளில் போட்டுப் பார்க்க நேர்ந்தது. அந்தக் கணக்கை இங்கே முழுமையாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எண்களையும் அவர்களுடைய உண்மைக் கணக்கு வெளிப்படாதபடி மாற்றி, முழு எண்களுக்கு நெருக்கமாக்கி வைத்திருக்கிறேன். எண்களுக்கு இடையிலான உறவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர்களுடைய சரக்கு பாக்கெட்டிலும் பாட்டிலிலும் விற்கப்படும் நல்லெண்ணெய். தமிழ்நாடு முழுவதும் பிராண்ட் பெயரோடு விற்கும் நல்லெண்ணெய்ச் சந்தையை ஆண்டுக்கு 400 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவர்களுடைய விற்பனை 32 கோடி, அதாவது சந்தைப் பங்கு 8 சதவீதம். இந்த வகையில் உள்ள எல்லா பிராண்டுகளும் சேர்ந்து ஆண்டுக்கு 20 கோடி ரூபாய்க்கு விளம்பரம் செய்தன. அதில் இவர்கள் செலவிட்டது 1.4 கோடி. ஆக, அந்த வகையில் ஒலித்த மொத்த விளம்பரத்தில் இவர்களுடைய பங்கு 7 சதவீதம். தொழிலில் இதை ஷேர் ஆஃப் வாய்ஸ் என்பார்கள். நான் குரல் பங்கு என்றே எழுதுகிறேன். குரல் பங்கிலிருந்து சந்தைப் பங்கைக் கழித்தால் வருவது கூடுதல் குரல். இவர்களுக்கு அது மைனஸ் ஒன்று.

புதிய திட்டம் இப்படி இருந்தது: இரண்டு ஆண்டுகளில் 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குச் செல்ல வேண்டும், அதற்காக விளம்பரச் செலவு 1.4 கோடியிலிருந்து 1.6 கோடியாக உயர்த்தப்படும். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான் அழைத்தேன். இருபது லட்சம் கூட்டியிருக்கிறோம் என்பதில் அவருக்கு நியாயமான பெருமிதம் இருந்தது. எள் விலை ஏறியிருந்த ஆண்டு அது. அந்த இருபது லட்சம் வேறெங்கோ குறைத்து எடுக்கப்பட்ட பணம்.

ஆனால் குரல் பங்கு என்பது நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைச் சொல்லும் எண் அன்று. பிறர் செலவிடும்போது நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைச் சொல்லும் எண். அந்த ஆண்டில் வேறு எண்ணெய் வகையில் பெரிதாக இருந்த ஒரு பிராண்ட் நல்லெண்ணெய்க்குள் நுழைந்திருந்தது. முதல் ஆறு மாதத்துக் கண்காணிப்புத் தரவையும், தொலைக்காட்சிகளின் விற்பனைப் பிரிவினர் பேச்சுவாக்கில் சொன்ன முன்பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அடுத்த ஆண்டு இந்த வகையின் மொத்தச் செலவு 24 கோடியைத் தொடும் என்று தெரிந்தது. அப்படியானால் 1.6 கோடியின் பங்கு 6.7 சதவீதம். செலவு ஏழில் ஒரு பங்கு கூடியும், குரல் குறைந்திருக்கிறது. வளர்ச்சி ஆண்டு என்று எழுதப்பட்ட திட்டத்தின்படி அந்த பிராண்ட் சென்ற ஆண்டைவிடக் குறைவாகவே கேட்கப்படும்.

இது ஏன் கவலைக்குரியது என்பதற்குப் பின்னணி உண்டு. விளம்பர நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஜான் ஃபிலிப் ஜோன்ஸ், 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 23 நாடுகளில் திரும்பத் திரும்ப வாங்கப்படும் அன்றாடப் பொருள்களில் 1,096 பிராண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் சந்தைப் பங்கையும் குரல் பங்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சிறிய பிராண்டுகள் தங்கள் சந்தைப் பங்கைவிடச் சில புள்ளிகள் அதிகமான குரலை வைத்திருந்தன. பெரிய பிராண்டுகள் தங்கள் பங்கைவிடக் குறைவான குரலோடு காலத்தை ஓட்டின. பழக்கப்பட்ட பெயருக்கும், எல்லாக் கடையிலும் கிடைக்கும் சரக்குக்கும் கொஞ்சம் குறைவாகப் பேசினாலும் போதுமாக இருக்கிறது. சிறிய பிராண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக 8 சதவீதத்தில் நிற்கும் ஒரு பிராண்ட் 7 சதவீதக் குரலோடு இருப்பதே, பெரியவர்கள் மட்டும் செய்யக்கூடிய ஒன்றைச் சிறியவர் செய்வதாகும்.

எனவே முதலில் எழ வேண்டிய கேள்வி வளர்ச்சியைப் பற்றியதே அன்று. இருக்கும் இடத்தில் நிற்க எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. மற்றவர்கள் சேர்ந்து 22.4 கோடி செலவிடும்போது நம் குரல் 8 சதவீதமாக இருக்க வேண்டுமானால் ஏறத்தாழ 1 கோடியே 95 லட்சம் தேவை. 24 கோடியில் 8 சதவீதம் என்று நேரடியாகப் பெருக்கினால் 1.92 கோடி என்று வரும். ஆனால் நாம் கூட்டும் பணமும் மொத்தத்தில் சேர்வதால் விடை சற்று மேலே போகிறது. இலக்கு சிறிதாக இருக்கும்போது இந்த வித்தியாசம் அற்பமானது. இலக்கு பெரிதானால் அதுவே கணக்கைப் புரட்டிவிடும். ஆகவே மற்றவர்களின் செலவைத் தனியாக வைத்து, அதை ஒன்றிலிருந்து நம் இலக்குப் பங்கைக் கழித்த எண்ணால் வகுத்து, பிறகு இலக்குப் பங்கால் பெருக்க வேண்டும்.

அடுத்து வளர்ச்சி. 2009-ல் நீல்சன் நிறுவனம் பிரிட்டனின் விளம்பரத் தொழிலோர் அமைப்பான ஐபிஏ-வோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கூடுதல் குரல் பத்துப் புள்ளிகளாக இருந்தால் சந்தைப் பங்கு ஆண்டுக்குச் சராசரியாக அரைப் புள்ளி உயர்கிறது என்று கண்டார்கள். முதலிடத்து பிராண்டுகளுக்கு அதே பத்துப் புள்ளிக்கு 1.4 புள்ளி கிடைத்தது; அவர்களைத் துரத்தும் பிராண்டுகளுக்கு 0.4 மட்டுமே. இது எங்கும் எப்போதும் பொருந்தும் விதி அன்று. ஆனால் ஒரு திட்டம் நடக்கக்கூடியதா என்று சோதிக்க இந்தச் சராசரி எண் ஓர் அளவுகோலாகப் பயன்படும்.

அண்ணாச்சியின் இலக்கு இரண்டு ஆண்டில் இரண்டு புள்ளி, அதாவது ஆண்டுக்கு ஒரு புள்ளி. சராசரி வாய்ப்பாட்டின்படி அதற்குக் கூடுதல் குரல் 20 புள்ளி வேண்டும்; குரல் பங்கு 28 சதவீதமாக இருக்க வேண்டும். மற்றவர்களின் 22.4 கோடியை 0.72-ஆல் வகுத்து 0.28-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 8 கோடியே 70 லட்சம் வருகிறது. விற்பனையே 32 கோடியாக இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, அதுவும் எள் வாங்கி ஆட்டி விற்கும் மெல்லிய லாபத் தொழிலில், அது விற்பனையில் கால்வாசிக்கும் மேல். அண்ணாச்சி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

“அப்படின்னா இந்த இருபது லட்சம் வீணா, தம்பி?” என்று கேட்டார்.

வீண் இல்லை என்றேன். அந்தப் பணம் செய்யக்கூடிய வேலை ஒன்று, அதன் தலையில் ஏற்றப்பட்ட வேலை வேறொன்று. 1.6 கோடியைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலம் முழுவதும் இரண்டு புள்ளி ஏறுவதை விளம்பரத்திடம் எதிர்பார்க்க முடியாது. அந்த வளர்ச்சி வர வேண்டுமானால் அது புதிய கடைகளில் சரக்கு போய்ச் சேர்வதிலிருந்தோ, விலையிலிருந்தோ, புதிய அளவுப் பாக்கெட்டிலிருந்தோதான் வர வேண்டும். அப்படி எதிர்பார்ப்பதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைத் திட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லையென்றால் ஆண்டு முடிவில் விளம்பரம் பலிக்கவில்லை என்று சொல்லி, அந்த 1.6 கோடியையும் வெட்டிவிடுவார்கள். நான் பார்த்த வரையில் சிறிய பிராண்டுகள் தேய்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இந்தக் கணக்கு தவறாகப் போகும் இடங்களும் உண்டு, அவற்றில் முதன்மையானது பங்கைக் கணக்கிடும்போது கீழே வைத்து வகுக்கும் எண். 20 கோடி என்பது எதன் 20 கோடி? தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் வானொலியிலும் வந்த விளம்பரங்களை டேம் நிறுவனத்தின் ஆட்எக்ஸ் போன்ற கண்காணிப்புச் சேவைகள் எண்ணித் தருகின்றன. அவை நேரடியாக அறிவது எத்தனை நொடிகள், எத்தனை சென்டிமீட்டர் என்பதைத்தான். அதை ரூபாயாக மாற்ற, ஊடகங்கள் அறிவிக்கும் விலைப்பட்டியலான ரேட் கார்டின் விலை போடப்படுகிறது. ஆனால் ரேட் கார்டு விலைக்கு யாரும் விளம்பரம் வாங்குவதில்லை. நிறைய வாங்குபவருக்குத் தள்ளுபடி அதிகம். ஆகவே நம் செலவை உண்மையில் கொடுத்த பணத்திலும், பிறர் செலவை ரேட் கார்டிலும் வைத்துக் கணக்கிட்டால், நம் குரல் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். எங்கள் முதல் தாளில் இந்தப் பிழையே நேர்ந்திருந்தது. பிறகு எல்லாருடைய செலவையும் ஒரே விதமாக மதிப்பிட்டோம். மேலே நான் கொடுத்திருப்பவை அப்படித் திருத்திய எண்கள். தொலைக்காட்சி மட்டும் இருந்தால் ரூபாயை விட்டுவிட்டு, பார்க் அமைப்பின் பார்வையாளர் அளவீட்டைக் கொண்டு ஜிஆர்பி கணக்கில் பங்கைப் பார்ப்பது இன்னும் நேர்மையானது. எத்தனை பேர் எத்தனை முறை பார்த்தார்கள் என்பதே அதில் எண்ணப்படுகிறது, யார் எவ்வளவு பேரம் பேசினார்கள் என்பது அதில் கலப்பதில்லை.

யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டியாளர்கள் செலவிடுவதை இப்படி எண்ணிவிட முடியாது. மெட்டாவின் விளம்பர நூலகத்தில் யார் என்ன விளம்பரம் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். நல்லெண்ணெய் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது என்று அது காட்டுவதில்லை. இணைய விளம்பரம் பாதியை விழுங்கிவிட்ட ஒரு வகையில் இந்தச் சோதனையை நான் தனியாக நம்ப மாட்டேன். நல்லெண்ணெய் அந்நாளில் அப்படி ஆகியிருக்கவில்லை.

சந்தைப் பங்கில் வகுக்கும் எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. செக்கில் நேரில் வாங்கும் எண்ணெயும், மளிகைக் கடையில் அளந்து ஊற்றும் எண்ணெயும் அந்த 400 கோடியில் இல்லை. தென் மாவட்டங்களில் அது சிறிய அளவு அன்று. ஆனால் செக்கு எண்ணெய் விளம்பரம் செய்வதில்லை. பிராண்ட் எண்ணெய்களுக்கு இடையே நடக்கும் போட்டியை அளக்கும்போது பின்னத்தின் மேலேயும் கீழேயும் ஒரே கூட்டம் இருக்க வேண்டும் என்பதால் அதை வெளியே வைத்தோம். இலக்கு செக்கு எண்ணெய் வாங்குபவரைப் பாக்கெட்டுக்குக் கொண்டுவருவதாக இருந்திருந்தால் இந்த விகிதம் எதையும் சொல்லியிருக்காது.

அண்ணாச்சியின் மகன்தான் அடுத்த கேள்வியை எழுப்பினார்: மாநிலம் முழுவதற்கும் ஏன் ஒரே கணக்கு? சரியான கேள்வி அது. அவர்களுடைய 32 கோடியில் சரிபாதி மதுரை முதல் திருநெல்வேலி, தூத்துக்குடி வரையிலான பகுதியில் விற்றது. மாநிலச் சந்தையில் அந்தப் பகுதி கால்வாசி, 100 கோடி. அதில் இவர்கள் 16 கோடி, அதாவது 16 சதவீதம். அங்கே இந்த பிராண்டே முதலிடம். மீதமுள்ள 300 கோடியில் இவர்களுடைய பங்கு 5.3 சதவீதம்தான். எட்டு என்ற ஒற்றை எண் இந்த இரண்டு நிலைமைகளையும் மறைத்துக்கொண்டிருந்தது.

விளம்பரப் பணமோ பெரும்பாலும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் போடும் விளம்பரம் கிருஷ்ணகிரியிலும் ஒலிக்கும், கோவில்பட்டியிலும் ஒலிக்கும். சரக்கே கிடைக்காத ஊர்களில் ஒலித்த குரலுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போட்டியாளர்களும் மாநிலம் முழுவதும் ஒலித்ததால், அவர்களுடைய 22.4 கோடியில் தென்பகுதியின் காதுகளுக்குச் சேர்வது கால்வாசி, 5.6 கோடி என்று எடுத்துக்கொண்டோம். நம் 1.6 கோடியில் 1.3 கோடியை மதுரை, நெல்லை நாளிதழ்ப் பதிப்புகள், உள்ளூர் கேபிள் சேனல்கள், பண்பலை வானொலி, பேருந்தின் பின்பக்கம், சுவர் விளம்பரம் என்று தெற்கிலேயே இறக்கினால், அங்கே நம் குரல் 6.9 கோடியில் 1.3 கோடி. அது 18.8 சதவீதம். சந்தைப் பங்கு 16. கூடுதல் குரல் ஏறக்குறைய மூன்று புள்ளி. அதே பணம் மாநில அளவில் மைனஸில் கிடந்தது, இங்கே ப்ளஸ் ஆகிறது.

முதலிடத்து பிராண்டுக்கான வாய்ப்பாட்டைப் போட்டால், மூன்று புள்ளிக்கு ஆண்டுக்குச் சுமார் 0.4 புள்ளி வரும். சராசரியைப் போட்டால் 0.15. ஆகவே தென்பகுதியில் 16-ஐ விடாமல் பிடித்து, இரண்டு ஆண்டில் அரைப் புள்ளி ஏறுவது என்று இலக்கைத் திருத்தி எழுதினோம். அரைப் புள்ளி என்றால் 50 லட்சம் ரூபாய் விற்பனை. கேட்பதற்குச் சிறியதுதான். வளர்ந்த வகையொன்றில் விளம்பரத்தால் மட்டும் பங்கு நகரும் வேகம் இவ்வளவே என்பதைப் பலரும் ஏற்க மறுக்கிறார்கள். புதிய பிராண்டுகளுக்கு இது இன்னும் கடினம்: நீல்சனில் இருந்த ஜேம்ஸ் பெக்கம், இரண்டு ஆண்டு முடிவில் எந்தச் சந்தைப் பங்கை அடைய விரும்புகிறீர்களோ அதன் ஒன்றரை மடங்கு குரலை அந்த இரண்டு ஆண்டும் வைத்திருங்கள் என்று ஒரு நடைமுறை விதியே வகுத்திருந்தார்.

இந்தத் தேர்வுக்கு ஒரு விலை இருந்தது. அதை அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னோம். மீதமுள்ள 30 லட்சம் ரூபாய் மற்ற மாவட்டங்களில் ஒலிக்கும்போது அதன் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழே போகும். அங்கே சந்தைப் பங்கு 5.3. ஆக அங்கே பங்கு மெதுவாகத் தேயும் என்று எதிர்பார்க்க வேண்டும். அந்தத் தேய்வைத் தாங்கிக்கொள்வதா, விற்பனையாள்களைக் கூட்டிக் கடைகளின் எண்ணிக்கையால் ஈடுகட்டுவதா என்பது விளம்பரத் தாளில் முடிவாகும் விஷயம் அன்று. அவர் சென்னைக்கு மட்டும் ஆள் கூட்டினார்.

மாதக் கணக்கில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பழைய 1.4 கோடியில் பாதி, 70 லட்சம், தீபாவளி மாதத்தில் போயிருந்தது. எண்ணெய்க் குளியலை ஒட்டி எல்லா நல்லெண்ணெய் பிராண்டுகளும் அந்த மாதத்தில்தான் கத்தும். வகையின் 20 கோடியில் 6 கோடி அப்போதே செலவாகியிருந்தது. அந்த ஒரு மாதம் இவர்களின் குரல் பங்கு ஏறத்தாழ 12 சதவீதம், மற்ற பதினொரு மாதங்களும் 5 சதவீதம். எண்ணெயோ மாதந்தோறும் வாங்கப்படும் பொருள். ஆகையால் தீபாவளிப் பணத்தில் ஒரு பகுதியைச் சித்திரை, வைகாசிக்கு மாற்றினோம். ஆவக்காய்க்கு வீடுகளில் நல்லெண்ணெய் லிட்டர் கணக்கில் இறங்கும் காலம் அது. வகையில் வேறு யாரும் பெரிதாகப் பேசாத காலமும் அதுவே.

இரண்டு ஆண்டு கழித்து வந்த சில்லறைக் கடைத் தணிக்கைத் தரவின்படி தென்பகுதியில் பங்கு 16.7 சதவீதம், மற்ற மாவட்டங்களில் 5.3-லிருந்து 4.9. இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று அலுவலகத்தில் இனிப்பு வந்தது. எனக்கு அந்த 16.7-இல் ஐயம் இருந்தது, ஏனென்றால் அது ரூபாய் மதிப்பிலான பங்கு. இடையில் அண்ணாச்சி லிட்டருக்குப் போட்டியாளர்களைவிடச் சற்று முன்னதாகவே விலை ஏற்றியிருந்தார். அதே தரவை எடை அளவில் கேட்டு வாங்கியபோது தென்பகுதிப் பங்கு 15.9-லிருந்து 16.1 ஆகியிருந்தது. அவ்வளவு சிறிய பகுதியில், அவ்வளவு குறைந்த கடைகளின் மாதிரியை வைத்து, 0.2 புள்ளியை ஏற்றம் என்று சொல்ல முடியாது. மாதிரிப் பிழையே அதைவிடப் பெரிது.

ஆனால் புதிதாக நுழைந்த பிராண்டு அந்த இரண்டு ஆண்டில் எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் பிடுங்கியிருந்தது. அதைத் தாங்கி, விலையும் ஏற்றி, எடையில் எதையும் இழக்காமல் இருந்ததற்கு அந்த மூன்று புள்ளிக் கூடுதல் குரல் காரணமா, அல்லது முதலிடத்தில் இருக்கும் பெயருக்கு இயல்பாகவே உள்ள பிடிப்பு காரணமா என்று இந்தத் தரவை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நன்றாக விற்கும் பிராண்டிடம் பணம் இருப்பதால் அது அதிகம் விளம்பரம் செய்கிறது என்று அம்பை எதிர்த்திசையிலும் வரையலாம் என்பது ஜோன்ஸ் காட்டியது போன்ற உறவுகள் எல்லாவற்றின் மீதும் எழும் கேள்வி. என் ஒற்றை அனுபவம் அதற்கு விடையாகாது. மூன்றாம் ஆண்டுத் திட்டத்தில் தெற்கு, மற்ற மாவட்டங்கள் என இரண்டு வரிசைகளும், ஒவ்வொன்றிலும் எடைப் பங்கு, மதிப்புப் பங்கு, குரல் பங்கு என மூன்று எண்களும் வைத்தோம். அண்ணாச்சி மற்ற மாவட்டங்களின் 4.9-ஐ விரலால் தொட்டுக் காட்டி, இதற்குக் கீழே போகாமல் நிறுத்த என்ன செலவாகும், அதை முதலில் போடு என்றார்.